மாம்பழக்கூழ் ஏற்றுமதி: டின்னுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்பப் பெறுவது எப்படி?

காவேரிப்பட்டணம் மண்டியில் பெங்களூரா மாம்பழம் வாங்கும்போது வரி இல்லை. ஆனால் கூழை அடைக்கும் டின், அட்டைப்பெட்டி, ஆய்வகக் கட்டணம் எல்லாவற்றுக்கும் வரி கட்டுகிறோம். கூழ் வெளிநாடு போனால் அந்த வரி நமக்குத் திரும்ப வரவேண்டிய பணம். முதன்முறை ஏற்றுமதி செய்கிறவர்கள் அதை விட்டுவிடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். வரிவிலக்கு வேறு, பூஜ்ய வரி வேறு. விலக்குப் பெற்ற பொருளை விற்றால், அதற்காக வாங்கியவற்றுக்குக் கட்டிய வரி நம் செலவில் சேர்ந்துவிடும். ஏற்றுமதி பூஜ்ய வரி விற்பனை. விற்கும்போது வரி இல்லை. வாங்கியபோது கட்டியதையும் கேட்டுப் பெறலாம்.

படி 1: உறுதிமொழிக் கடிதம். வரி கட்டாமல் அனுப்ப வேண்டுமானால், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் RFD-11 படிவத்தில் எல்.யு.டி. எனப்படும் இந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். அது அந்த நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும். ஏப்ரல் பிறந்ததும் புதிதாகக் கொடுங்கள். மாம்பழப் பருவத்தின் அவசரத்தில் மறந்துபோகும். ஒருங்கிணைந்த வரியான ஐ.ஜி.எஸ்.டி.யைக் கட்டி அனுப்பி, சுங்கத்துறை வழியாகத் திரும்பப் பெறும் வழியும் உண்டு. கைமுதல் குறைந்தவர்களுக்கு எல்.யு.டி.யே நல்லது என்பது என் கருத்து.

படி 2: பில். வாங்குபவர் பெயர், முகவரி, போய்ச் சேரும் நாடு ஆகியவற்றோடு இந்த வாசகம் அப்படியே இருக்க வேண்டும்:

```
SUPPLY MEANT FOR EXPORT UNDER BOND OR LETTER OF UNDERTAKING
WITHOUT PAYMENT OF INTEGRATED TAX
```

பில் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் சரக்கு நாட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். கால நீட்டிப்புப் பெறாமல் தாமதித்தால் வரியை வட்டியோடு கட்ட நேரிடும். கப்பலில் இடம் உறுதியாவதற்கு முன்பே பில் போடாதீர்கள்.

படி 3: சரக்கு போனதற்குச் சான்று. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். நான் கணக்குப் பார்த்த ஒரு கூழ் ஆலையின் உரிமையாளர், "சார், கண்டெய்னர் போய்விட்டது, பணமும் வந்துவிட்டது, இதற்கு மேல் என்ன சான்று?" என்று கேட்டார். கப்பல் நிறுவனம் கொடுத்த சரக்கு ரசீதை இணைத்து விண்ணப்பித்தோம். சில நாளில் RFD-03 என்ற குறைபாட்டுக் குறிப்பு வந்தது, இ.ஜி.எம். விவரம் இல்லை என்றது.

ஷிப்பிங் பில் என்பது சரக்கை அனுப்ப நாம் சுங்கத்தில் தாக்கல் செய்வது. இ.ஜி.எம். என்பது கப்பல் தரப்பு, 'இந்தச் சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்' என்று சுங்கத்தில் தாக்கல் செய்யும் பட்டியல். முன்னது நம் சொல். பின்னதுதான் சரக்கு போனதைக் காட்டுகிறது. அதன் எண்ணையும் தேதியையும் சுங்க முகவரிடம் கேட்டு வாங்குங்கள், சுங்கத்துறையின் ICEGATE தளத்திலும் சரிபாருங்கள். குறைபாட்டுக் குறிப்பு வந்தால் பழைய விண்ணப்பத்தைத் திருத்த முடியாது. புதிதாகத்தான் போட வேண்டும்.

படி 4: மாதக் கணக்கு. GSTR-1-இல் 6A அட்டவணையில் பில்லோடு ஷிப்பிங் பில் எண், தேதி, துறைமுகக் குறியீடு ஆகியவற்றைக் கொடுங்கள். சென்னைத் துறைமுகத்துக்கு `INMAA1`. GSTR-3B-இல் 3.1(b) வரிசையில் காட்டுங்கள். உள்நாட்டு விற்பனைக்கான 3.1(a)-இல் போட்டுவிட்டால் பின்னால் சிக்கல்தான்.

படி 5: எவ்வளவு கேட்கலாம்? ஒரு மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஏற்றுமதி பில் கப்பல் கூலி, காப்பீடு சேர்த்து 22,00,000 ரூபாய். ஷிப்பிங் பில்லில் உள்ள எஃப்.ஓ.பி. மதிப்பு, அதாவது அவை நீங்கிய மதிப்பு, 20,00,000. இரண்டில் குறைந்ததையே எடுக்க வேண்டும். உள்நாட்டு விற்பனை 5,00,000. ஆக மொத்த விற்பனை 25,00,000. டின், பெட்டி, சேவைகளுக்குக் கட்டிய வரி 2,50,000.

```
20,00,000 ÷ 25,00,000 × 2,50,000 = 2,00,000
```

அந்த மாதம் டின் மூடும் இயந்திரம் வாங்கி 90,000 வரி கட்டியிருந்தாலும் அதை இந்த 2,50,000-இல் சேர்க்கக்கூடாது. மூலதனப் பொருளுக்கான வரி இந்த வழியில் திரும்ப வராது. உங்கள் கணக்கிலேயே இருந்து உள்நாட்டு விற்பனை வரிக்குக் கழியும். டின் விற்றவர் தன் கணக்கைத் தாக்கல் செய்து, அந்த பில் உங்கள் கொள்முதல் வரியைக் காட்டும் GSTR-2B-இல் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறாததைக் கேட்க முடியாது.

படி 6: விண்ணப்பம். RFD-01-இல், வரி கட்டாமல் செய்த ஏற்றுமதிக்கான பிரிவைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே ஷிப்பிங் பில், இ.ஜி.எம். விவரங்களை நிரப்புங்கள். மேலே கணக்கிட்ட தொகை, மாத முடிவில் உங்கள் மின்னணு வரவுப் பேரேட்டில் இருந்த இருப்பு, விண்ணப்பிக்கும் நாளில் உள்ள இருப்பு ஆகிய மூன்றில் எது குறைவோ அதுவே கிடைக்கும். எனவே விண்ணப்பிக்கும் முன் அந்த இருப்பை வேறு வரிக்குச் செலவழித்துவிடாதீர்கள். கப்பல் இந்தியாவை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. நான் பார்த்த அந்த ஆலைக்கு, இ.ஜி.எம். எண்ணைச் சேர்த்து இரண்டாம் முறை போட்டபோது பணம் வந்தது. அடுத்த பருவத்துக்கான டின்களுக்கு அதிலிருந்துதான் முன்பணம் கொடுத்தார்.