பி ஷிப்ட் ஆள் பத்து மணிக்குப் பிறகும் நின்றால்? ஊதிய ஒப்பந்தத்திலிருந்து சூப்பர்வைசருக்கு ஒரு பக்கச் சீட்டு தயாரிப்பது எப்படி

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ ஷிப்ட் ஓடும் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும், சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எச்.ஆர். அலமாரியில் பத்திரமாக இருக்கும். இரவு பத்து மணிக்கு ரிலீவர் வரவில்லை என்றால் அந்த அலமாரி பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் சூப்பர்வைசர் கையில் இருக்க வேண்டிய ஒரு பக்கச் சீட்டைத் தயாரிப்பதுதான் இங்கே வேலை.

1. எல்லாக் காகிதங்களையும் எடுங்கள்

ஒப்பந்தத்தை மட்டும் எடுத்தால் போதாது. இணைப்புகள், ஒப்பந்தத்துக்குப் பிறகு போட்ட துணை ஒப்பந்தங்கள், ஷிப்ட் நேரம் மாற்றிய சுற்றறிக்கைகள் எல்லாம் வேண்டும். முதல் பக்கத்தில் 12(3) என்றோ 18(1) என்றோ இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2025 வரை இருந்த 1947 தொழில் தகராறு சட்டத்தின்படி, சமரச அதிகாரி முன்னிலையில் போட்ட 12(3) ஒப்பந்தம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்தும். இரு தரப்பும் தாங்களே பேசி முடித்த 18(1), கையெழுத்திட்ட தரப்பினரை மட்டுமே கட்டும். இரண்டு சங்கங்கள் உள்ள இடத்தில் இது பெரிய வித்தியாசம். காலம் முடிந்துவிட்டது என்பதற்காக ஒப்பந்தத்தை ஒதுக்கிவிடாதீர்கள். முறைப்படி முடித்துவைக்கும் வரை அது தொடர்ந்து கட்டும்.

2. ஷரத்து வரிசையில் எழுதாதீர்கள்

ஷரத்து 1, 2, 3 என்று சுருக்கி எழுதினால் சின்னதாக இன்னொரு ஒப்பந்தம்தான் கிடைக்கும். யாரும் படிக்க மாட்டார்கள். இரவில் சூப்பர்வைசருக்கு எழும் கேள்விகளை இடப்பக்கம் எழுதுங்கள். இந்த ஆளை நிறுத்தலாமா? எத்தனை மணி வரை? ஓ.டி. எப்போது தொடங்கும்? நாளைக்கு எப்போது வரச் சொல்வது? வலப்பக்கம் பதிலும், அதன் பின்னால் ஷரத்து எண்ணும் வர வேண்டும். எண் இல்லாத பதில் ஒன்றுகூடச் சீட்டில் இருக்கக் கூடாது.

ஒப்பந்தம் பதில் சொல்லாத கேள்விக்கு ‘ஒப்பந்தத்தில் இல்லை’ என்றே எழுதுங்கள். ‘வழக்கமாக இப்படித்தான் செய்வோம்’ என்பதை அந்த இடத்தில் போட்டால் அடுத்த மாதம் அதுவே உரிமையாகப் பேசப்படும்.

3. ‘எட்டு மணி நேரம்’ எங்கே முடிகிறது?

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பி ஷிப்ட் மதியம் 2 முதல் இரவு 10 வரை. கேன்டீன் இடைவேளை 7 முதல் 7.30 வரை. சி ஷிப்ட் ரிலீவர் தாமதமாக வந்ததால் நம் ஆள் நள்ளிரவு 12.30-க்குத்தான் கிளம்புகிறார். ஓ.டி. எத்தனை மணி நேரம்?

ஒப்பந்தத்தில் ‘ஷிப்ட் நேரத்துக்கு அப்பால் செய்யும் வேலை’ என்று இருந்தால் கணக்கு 10 மணியிலிருந்து தொடங்கும். இரண்டரை மணி நேரம். ‘எட்டு மணி நேர வேலைக்கு மேல்’ என்று இருந்து, இடைவேளை வேலை நேரத்தில் சேராது என்று வரையறைப் பகுதி சொன்னால், பத்து மணிக்கு அவர் செய்திருப்பது ஏழரை மணி நேர வேலைதான். ஓ.டி. 10.30-க்குத் தொடங்கும், இரண்டு மணி நேரம். ‘சட்டப்படி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால், 2025 வரை இருந்த 1948 பாக்டரீஸ் சட்டத்தில் நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல்தான் இரட்டைச் சம்பளம். அப்போது 11.30 முதல் ஒரு மணி நேரம் மட்டுமே. ஒரே ஆள், ஒரே இரவு, மூன்று விடைகள். ஆகவே வரையறைப் பகுதியில் ‘வேலை நேரம்’, ‘ஷிப்ட் நேரம்’ என்ற இரண்டையும் முதலில் தேடி மஞ்சள் கோடு போடுங்கள். ஓ.டி. ஷரத்தை அதற்குப் பிறகு படித்தால் போதும்.

சட்டம் என்று ஒப்பந்தம் சொல்லும் இடங்களைத் தேதியோடு எழுதுங்கள். 2025 நவம்பர் 21 அன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய ஒப்பந்தங்கள் பழைய சட்டத்தின் பிரிவு எண்களைத்தான் சொல்லும். புதிய தொகுப்பு 8 மணி நேர வேலை நாளைச் சொல்கிறது, ஓ.டி. எந்த மணியிலிருந்து என்பதை அந்தந்த அரசின் விதிக்கு விடுகிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான் என்றாலும் அரசும் விதியும் வேறு வேறு. இரண்டு ஊரிலும் ஆலை வைத்திருக்கும் நிறுவனம் ஒரே சீட்டை நகலெடுத்து ஒட்டக் கூடாது. சட்டத்தைச் சொல்லும் வரியை மட்டும் எச்.ஆர். பார்த்துக் கையெழுத்திடட்டும்.

4. எத்தனை மணி வரை நிறுத்தலாம்?

அதே ஆளைப் பாருங்கள். பழைய பாக்டரீஸ் சட்டப்படி இடைவேளை இல்லாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 7.30-க்குத் திரும்பியவருக்கு ஐந்து மணி நேரம் 12.30-க்கு முடிகிறது. வந்த நேரத்திலிருந்து இடைவேளையும் சேர்த்துப் பத்தரை மணி நேரம் என்ற வரம்பும் 12.30-லேயே முடிகிறது. ஓ.டி.யுடன் சேர்த்து நாளுக்கு 10 மணி நேர வேலை என்ற, விதிவிலக்குப் பெற்ற ஆலைகளுக்கான பொது வரம்பும் அங்கேதான் வந்து நிற்கிறது. இதெல்லாம் 7 மணிக்கு இடைவேளை விட்டதால் வந்த கணக்கு. 6 மணிக்கு விட்டிருந்தால் 11.30-க்கே இன்னொரு அரை மணி நேரம் தர வேண்டியிருக்கும்.

தொடர் உற்பத்தி ஆலைகளில், வராதவருக்குப் பதிலாக அடுத்த ஷிப்டிலும் வேலை செய்ய மாநில விதிகள் நிபந்தனையோடு இடம் தரலாம் என்று அதே பழைய சட்டம் சொன்னது. அந்த விலக்கு உங்கள் ஆலைக்கு இருக்கிறதா என்று தெரியாமல் ‘டபுள் ஷிப்ட் அனுமதி உண்டு’ என்று சீட்டில் எழுதிவிடாதீர்கள்.

5. ஓய்வு வரி

நம் மாதிரி ஒப்பந்தம் ‘இரு பணிகளுக்கு இடையே 12 மணி நேர ஓய்வு’ என்கிறது என்று வையுங்கள். 12.30-க்குப் போனவர் மறுநாள் மதியம் 12.30-க்கு மேல் வரலாம். பி ஷிப்ட் 2 மணிக்கு, சிக்கல் இல்லை. விடியற்காலை 4 மணி வரை நின்றிருந்தால் மறுநாள் மாலை 4 மணிக்குத்தான் வர முடியும். பி ஷிப்டில் இழந்த அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டா? பல ஒப்பந்தங்கள் இதில் மௌனம். அப்படியே எழுதுங்கள்.

ஷிப்ட் மாற்றிக்கொள்ளும்போதும் இந்த வரியைப் பார்க்க வேண்டும். பி முடித்தவர் நண்பருக்காக மறுநாள் ஏ ஷிப்டுக்கு 6 மணிக்கு வந்தால் ஓய்வு எட்டு மணி நேரம்தான்.

வார விடுமுறையிலும் கவனம் வேண்டும். சனிக்கிழமை இரவு 10-க்கு சி ஷிப்ட் ஏறியவருக்கு விடுமுறை ஞாயிறு காலை 6 முதல் திங்கள் காலை 6 வரை. நள்ளிரவு தாண்டிய மணி நேரங்கள் சனிக்கிழமைக் கணக்கில்தான் சேரும். மஸ்டரில் ஞாயிறு என்று பதிந்துவிட்டால் விடுமுறை நாளில் வேலை பார்த்ததாகத் தகராறு வரும்.

6. சீட்டின் உருவம்

ஓ.டி. தொடக்கம்: ஷிப்ட் முடிவிலிருந்து – ஷரத்து 17
பி ஷிப்ட் ஆளை நிறுத்தும் எல்லை: 12.30 (இடைவேளை 7 மணிக்கு என்றால்) – சட்டம்
அதற்கு மேல்: மேலாளரின் எழுத்து அனுமதி – ஷரத்து 18
அடுத்த வருகை: போன நேரம் + 12 மணி – ஷரத்து 22
ஓய்வால் இழந்த நேரச் சம்பளம்: ஒப்பந்தத்தில் இல்லை – எச்.ஆர்.

அச்சடிக்கும் முன் போன மாத மஸ்டரிலிருந்து ரிலீவர் வராத நிகழ்வுகள் சிலவற்றை எடுத்து, ஒப்பந்தத்தைப் பார்க்காத ஒரு சூப்பர்வைசரிடம் சீட்டை மட்டும் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அவர் விடையும் சம்பளப் பிரிவு கொடுத்த தொகையும் ஒத்துவராத இடத்தில் சீட்டு தவறா, சம்பளம் தவறா என்று பாருங்கள். சங்க நிர்வாகியிடமும் ஒரு பிரதி காட்டிவிடுவது நல்லது. ஷரத்து 17-ஐ அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். லேமினேட் செய்யும்போது மூலையில் தேதி போடுங்கள். புதிய சீட்டு ஒட்டும் நாளில் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் பழையதைக் கழற்றி எடுத்து வந்துவிடுங்கள்.