பள்ளி நாள்காட்டியில் வெள்ளிக்கிழமைகள் எங்கே போகின்றன? திட்டமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் கல்வியாண்டின் எலும்புக்கூட்டைக் கல்வி அமைச்சு வகுத்துத் தந்துவிடுகிறது. ஏறத்தாழப் பத்து வாரங்கள் கொண்ட நான்கு தவணைகள், மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வார விடுமுறை, ஜூனில் நான்கு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம், இவற்றோடு பொது விடுமுறைகளும் இளையர் தினம், ஆசிரியர் தினம் போன்ற பள்ளி விடுமுறைகளும். இவற்றில் பள்ளி எதையும் மாற்ற முடியாது. விளையாட்டுத் தினம், மதிப்பீடுகள், பெற்றோர் சந்திப்பு, ஆசிரியர் பயிற்சி, கலாசாரக் கொண்டாட்டங்கள் ஆகியவற்றை எங்கே வைப்பது என்பது மட்டுமே பள்ளியின் கையில் இருக்கிறது. தவறுகள் நேர்வதும் அந்த இடத்தில்தான்.

அவற்றுள் மிகப் பெரியது, கற்பித்தல் நாள்களை மொத்தமாகக் கூட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைவது. 2026ஆம் ஆண்டின் இரண்டாம் தவணையை எடுத்துக்கொள்வோம். மார்ச் 23 முதல் மே 29 வரை பத்து வாரங்கள், அதாவது 50 வேலை நாள்கள். ஏப்ரல் 3 புனித வெள்ளி, மே 1 தொழிலாளர் தினம், மே 27 ஹஜ்ஜுப் பெருநாள். மூன்றைக் கழித்தால் 47 நாள்கள். கூட்டத்தில் இந்த எண்ணைச் சொன்னால் எல்லாரும் தலையசைப்பார்கள். ஆனால் மாணவர் நாள்களைப் படிப்பதில்லை, பாடவேளைகளைப் படிக்கிறார். ஒவ்வொரு பாடவேளையும் ஏதோ ஒரு கிழமையோடு கட்டுண்டு கிடக்கிறது. அந்த 47 நாள்களைக் கிழமைவாரியாகப் பிரித்தால் திங்கள், செவ்வாய், வியாழன் ஒவ்வொன்றிலும் பத்து, புதன் ஒன்பது, வெள்ளி எட்டு.

எட்டு என்பது இன்னும் மோசமில்லை. இனிப் பள்ளி தன் பங்குக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். நான் சொல்லப்போகும் தொடக்கப்பள்ளி கற்பனை, தேதிகள் உண்மை. உடற்கல்வி ஆசிரியர்கள் விளையாட்டுத் தினத்தை ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை கேட்கிறார்கள். பிள்ளைகள் களைத்துப்போவார்கள், அடுத்து இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும் என்பது நியாயமான காரணம். பயிற்சிக்குப் பொறுப்பானவர் ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுக்கிறார். மாணவர்களை வீட்டில் இருந்தபடி கற்கச் சொல்லிவிட்டு, வார இறுதிக்கு முன் ஆசிரியர்களை ஒரு முழுநாள் உட்காரவைக்கலாம். இதுவும் நியாயம்தான். கணிதத் துறை தன் தவணை மதிப்பீட்டை மே 15, வெள்ளிக்கிழமை வைக்கிறது. தாள்களைச் சனி ஞாயிறில் திருத்தலாம் அல்லவா? பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு, தவணையின் கடைசி நாளான மே 29 அன்று. அதுவும் வெள்ளி. ஒவ்வொருவரும் தத்தம் அளவில் சரியாகவே யோசித்திருக்கிறார்கள். ஆனால் பத்து வெள்ளிகளில் எஞ்சியவை நான்கு: மார்ச் 27, ஏப்ரல் 17, மே 8, மே 22. பண்டிகையும் பொது விடுமுறையும் எடுத்தது இரண்டு, பள்ளியே எடுத்துக்கொண்டது நான்கு. ஆனாலும் கூட்டத்தில் பழி விடுமுறைகள் மீதே விழும்.

இப்போது அந்தப் பள்ளியின் தொடக்கநிலை ஐந்து தமிழ் வகுப்புக்கு வருவோம். கட்டுரை எழுத இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் வேண்டும். ஒரு பாடவேளையில் படத்தைப் பார்த்துப் பேசி, சொற்களைத் திரட்டி, முன்னுரை எழுதுவதற்குள் மணி அடித்துவிடும். அந்த இரட்டைப் பாடவேளை அட்டவணையில் வெள்ளியன்று இருக்கிறது. எங்கள் பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் மூன்றும் பெரும்பாலும் ஒரே வேளையில் நடக்கும். பல வகுப்புகளிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் எழுந்து வந்து ஓர் அறையில் கூடுவார்கள். ஆகவே தமிழ் ஆசிரியர் தம் பாடவேளையைத் தனியாக நகர்த்திக்கொள்ள முடியாது. நகர்த்தினால் அந்த நிலையின் மூன்று மொழிகளும் சேர்ந்தே நகர வேண்டும். விளைவு, மார்ச் 27 அன்று எழுதிய கட்டுரையைத் திருத்திக் கொடுத்து மறுபடி எழுதவைக்கும் அடுத்த வெள்ளி ஏப்ரல் 17. மூன்று வாரம் கழித்துத் தன் பிழையைப் பார்க்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு, அந்தக் கட்டுரையை எழுதிய நினைவே இருக்காது. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்கு இந்த இடைவெளி இன்னும் கொடியது. அந்த ஒரு மணி நேரம்தான் அவர் தொடர்ச்சியாகத் தமிழில் யோசிக்கும் நேரம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மென்பொருள் வேண்டாம். ஒரு தாளில் ஐந்து கிழமைகளுக்கு ஐந்து பத்திகள், பத்து வாரங்களுக்குப் பத்து வரிசைகள். விடுமுறை, முழுநாள் நிகழ்ச்சி, பாடம் நடக்காத மதிப்பீட்டு நாள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஒவ்வொரு பத்தியின் அடியிலும் மிச்சத்தை எழுதுங்கள். ஒரே தவணையில் ஒரு பத்திக்கும் இன்னொன்றுக்கும் இரண்டுக்குமேல் வித்தியாசம் இருந்தால் நாள்காட்டியை அச்சுக்கு அனுப்பாதீர்கள் என்பது என் அளவுகோல். மேலே சொன்ன பள்ளியில் செவ்வாய்க்கு மிச்சம் பத்து, வெள்ளிக்கு நான்கு.

சரிசெய்வதும் கடினமில்லை. விளையாட்டுத் தினத்தைச் செவ்வாய்க்கு மாற்றலாம். ஏப்ரல் 14 வேண்டாம், அன்று சித்திரைப் புத்தாண்டு. பொது விடுமுறை இல்லையென்பதால் அது பட்டியலில் கண்ணில் படாது. ஏப்ரல் 21 பொருந்தும். பயிற்சியை ஏப்ரல் 27, திங்களுக்கும் கணித மதிப்பீட்டை மே 14, வியாழனுக்கும் கொண்டுபோனால் வெள்ளிகள் ஏழாகின்றன, திங்கள், செவ்வாய், வியாழனில் ஒவ்வொன்று மட்டுமே குறைகிறது. பெற்றோர் சந்திப்பு கடைசி நாளிலேயே இருக்கட்டும். அதை முன்னே தள்ளினால் மதிப்பெண்கள் தயாராகா.

சில பள்ளிகள் வேறொரு வழி பிடிக்கின்றன: ஒரு செவ்வாயன்று வெள்ளிக்கிழமை அட்டவணையை நடத்துவது. தவணைக்கு ஒருமுறை என்றால் பரவாயில்லை. பகுதிநேர ஆசிரியர்கள், வெளியிலிருந்து வரும் பயிற்றுநர்கள், பள்ளி வாகனங்கள் எல்லாம் கிழமையைப் பார்த்து வருபவை. உயர்நிலையில் தம் பள்ளியில் தமிழ் இல்லாததால் பிற்பகலில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ வேறு பள்ளிக்கோ போய்ப் படிக்கும் மாணவர்களை இது நேரடியாகப் பாதிக்கும். அங்கே அட்டவணை மாறாது. தம் பள்ளி அன்று நீளும், தமிழ் வகுப்பு தவறும். இப்படிப்பட்ட மாணவர் ஒருவர் இருந்தாலும், பிற்பகல் நிகழ்ச்சிகளை முடிவு செய்யுமுன் அவருடைய தமிழ் வகுப்பு நாள்களைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

மழைக்கான மாற்று நாளைக் கணக்கில் சேர்க்காதது அடுத்த தவறு. மார்ச் பிற்பகுதி முதல் மே வரை இங்கே பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். ஆகவே போட்டிகளைக் காலையிலேயே முடிக்கப் பார்க்க வேண்டும். ஆனாலும் மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் திடலைக் காலிசெய்தே ஆக வேண்டும். விளையாட்டரங்கை முன்பதிவு செய்யும்போதே மாற்று நாளும் பதிவாகிறது. அது எந்தக் கிழமை என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தாளில் அதையும் அரைக் கோடு போட்டு அடித்துவையுங்கள். ஏப்ரல் 21க்கு மாற்று வியாழன் 23 என்றால் தாங்கும். வெள்ளி 24 என்றால் சரிசெய்ததில் ஒன்று மீண்டும் கைநழுவும்.

மூன்றாவது தவறு, சென்ற ஆண்டு நாள்காட்டியைத் திறந்து தேதிகளை மட்டும் மாற்றுவது. பண்டிகைகள் அப்படி நகர்வதில்லை. நோன்பு மாதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே வரும். 2026இல் அது பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் 20 வரை நீண்டது. முதல் தவணையின் கடைசி வாரங்களில் ஓட்டப் போட்டி வைத்தால், தண்ணீர்கூடக் குடிக்காத பிள்ளைகளை வெயிலில் ஓடவிடுகிறோம் என்று பொருள்.

தீபாவளி வேறு விதமாக அலையும். 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. ஆண்டிறுதித் தேர்வுகள் அக்டோபரில் நடப்பதால் 2025 போன்ற ஆண்டுதான் சோதனை. தீபாவளி திங்கட்கிழமை. செவ்வாய் காலை ஏழரை மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். அன்று ஒரு தேர்வுத் தாள் இருந்தால் தமிழ்க் குடும்பத்தில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். விடியற்காலை எண்ணெய்க் குளியல் முடிந்து, கோயில், தாத்தா பாட்டி வீடு, அத்தை வீடு என்று போக வேண்டிய பிள்ளையைப் பாதி நாளில் வீட்டுக்கு அழைத்துவந்து புத்தகத்தின் முன் உட்காரவைப்பார்கள். சட்டப்படி விடுமுறை கிடைத்தது, ஆனால் பண்டிகை கிடைக்கவில்லை. சீனப் புத்தாண்டுக்கு முந்திய நாள் பள்ளி சீக்கிரமே முடிந்துவிடுகிறது, புத்தாண்டு விடுமுறை முடிந்த மறுநாளில் தேர்வு வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. அதே அக்கறையைத் தீபாவளிக்கும் கேட்பது சலுகையன்று. செவ்வாயைச் சாதாரணப் பாட நாளாக வைத்துவிட்டுத் தேர்வைப் புதனன்று தொடரலாம். அது முடியாவிட்டால், நிறையப் படித்துவிட்டு வரத் தேவையில்லாத தாளைச் செவ்வாயன்று வைக்கலாம்.

தைப்பூசம் பொது விடுமுறையே இல்லை என்பதால் எளிதில் தவறிவிடும். 2025இல் அது பிப்ரவரி 11, செவ்வாய். காவடி எடுக்கும் குடும்பத்துப் பிள்ளை முந்திய இரவே சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் இருப்பார், மறுநாள் டேங்க் ரோடு வரை நடப்பார். தமிழ் ஆசிரியர்களும் விடுப்பு எடுப்பார்கள். ஒரு பள்ளியில் இருப்பதே சிலர்தான். அன்று மதிப்பீடு வைக்காமலிருந்தால் போதும், வேறெதுவும் கேட்கவில்லை.

ஆசிரியர் பயிற்சியைப் பொறுத்தவரை, நாளைவிட வாரம் முக்கியம். மே 29 பெற்றோர் சந்திப்பு என்றால் அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மதிப்பீடுகள் மே 15க்குள் முடிந்தால் திருத்துவது, சக ஆசிரியரோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, வராத மாணவர்களைக் கவனிப்பது, மதிப்பெண் பதிவது, குறிப்பு எழுதுவது எல்லாவற்றுக்கும் மே 18 முதல் 28 வரை எட்டு வேலை நாள்களே உண்டு. 27 விடுமுறை. இதற்குள் ஒரு பயிற்சிப் பிற்பகலை நுழைத்தால், முன்வரிசை தவிர மற்ற எல்லா மேசைகளிலும் விடைத்தாள்கள் விரிந்திருக்கும். பயிற்சியாளருக்கும் அது அவமதிப்பு. தவணையின் இரண்டாவது முதல் ஆறாவது வாரம் வரை பயிற்சிக்கு ஏற்ற காலம். அந்தப் பயிற்சியில் கற்றதை அதே தவணையில் வகுப்பில் செய்து பார்க்கவும் வாரங்கள் எஞ்சியிருக்கும்.

மூன்றாம், நான்காம் தவணைகளில் தொடக்கப்பள்ளிகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில் நடக்கிறது. ஆசிரியர்கள் தேர்வாளர்களாகப் போய்விடுவதால் மற்ற நிலைகளுக்கு அந்த நாள்களில் வழக்கமான வகுப்பு இருக்காது. அக்டோபரில் விடைத்தாள் திருத்தும் நாள்களும் அப்படியே. ஆறாம் நிலையின் நாள்காட்டியில் மட்டும் இவை குறிக்கப்பட்டிருக்கும், மூன்றாம் நிலை ஆசிரியர் ஜூலையில்தான் கவனிப்பார். நிலைக்கு ஒரு தாள் என்று தனித்தனியே அடித்துப் பார்த்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். தேசியப் பள்ளி விளையாட்டுகள் ஜனவரியில் தொடங்கி ஆகஸ்ட் வரை நீள்வதால், குழுவோடு போகும் ஆசிரியரின் பிற்பகல் வகுப்புகள் எந்த நிலையில் உள்ளனவோ அந்தத் தாளில் போட்டி நாள்களைப் பென்சிலால் குறித்துவையுங்கள். போட்டி அட்டவணை வந்த பிறகு பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.