காய்ச்சல் இல்லாத வயிற்றுவலி: மகளுக்கு எப்படித் தீர்ந்தது

வெள்ளவத்தையில் படிக்கும் என் மகளுக்குக் காய்ச்சலே இல்லாமல் தொப்புளைச் சுற்றி அடிக்கடி வலி. பள்ளிக்கூட நாட்களில் மட்டும் வந்திருந்தால் மனப்பயம் என்று யோசித்திருப்பேன். விடுமுறையிலும் வந்தது, சாப்பிட்டதும் கூடியது, மலம் கழித்ததும் குறைந்தது.

மலச்சிக்கல் என்று சொன்னபோது, தினமும் மலம் கழிக்கிறாளே என்றேன். "கட்டியாக, கொஞ்சமாகப் போனால் அதுவும் மலச்சிக்கல்தான் அம்மா" என்றார் குழந்தை வைத்திய நிபுணர். பள்ளி மலசலகூடம் பிடிக்காமல் அடக்கியே வைத்திருக்கிறாள், பாவம். மலத்தை இளக்க அவர் தந்த லக்டுலோஸ் பாணியோடு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதத்தின் கீழ் சிறு பலகை வைத்து 5 முதல் 10 நிமிடம் உட்கார வைத்தோம். வலி நின்றதும் பாணியை நிறுத்திவிடக் கூடாது. மலம் தேங்கி விரிந்த குடல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம்.

வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தாலோ பச்சையாக வாந்தி வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நித்திரையிலிருந்து எழுப்பும் வலி, மலத்தில் இரத்தம், எடை குறைதல் இருந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.