தூக்கம், கவனம், ஸ்மார்ட்போன்: ஆய்வு முன்மொழிவின் வரைவை எழுதும் முறை

"ஸ்மார்ட்போன் மாணவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறதா?" என்ற கேள்வியோடு போனால் எந்த வழிகாட்டியும் முன்மொழிவைத் திருப்பித் தந்துவிடுவார். எந்த மாணவர், எந்த நேரத்துப் பயன்பாடு என்று எதுவும் அதில் இல்லை. வடசென்னையின் தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பள்ளிகளை மனத்தில் வைத்து ஒரு வரைவை உருவாக்கிப் பார்ப்போம்.

படி 1: கேள்வி

"ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இரவில் படுத்த பிறகு ஸ்மார்ட்போன் பார்க்கும் நேரத்துக்கும், அவர்களின் தூக்க நேரத்துக்கும், மறுநாள் காலைக் கவனத்துக்கும் தொடர்பு உண்டா?" இப்படி எழுதினால் அளக்க முடியும். பத்தாம் வகுப்பை விட்டுவிடுங்கள். பொதுத் தேர்வு இருப்பதால், விழித்திருந்தது படிப்பாலா போனாலா என்று பிரிக்க முடியாமல் போகும்.

படி 2: அளவீடு

முன்மொழிவின் உயிர் இந்தப் பகுதிதான். தூக்கத்துக்கு ஏழு நாள் நாட்குறிப்பு போதும்: படுத்த நேரம், விழித்த நேரம், இடையில் எழுந்தது. விடுமுறை நாள்களும் அதில் வர வேண்டும். ஞாயிறன்று மட்டும் ஒருவர் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால், வாரநாள்களில் அவருக்குத் தூக்கம் போதவில்லை என்று ஊகிக்கலாம். 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் பரிந்துரைக்கப்படுகிறது.

கவனத்தை அளக்க, திரையில் குறி தோன்றியதும் பொத்தானை அழுத்தும் பத்து நிமிடச் சோதனை ஏற்றது. அழுத்த அரை நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் அது ஒரு கவனத் தவறு. எல்லோருக்கும் முதல் பாடவேளையிலேயே நடத்துங்கள். உணவுக்குப் பின் வரும் மந்தம் கலந்தால் எண்கள் பொருளற்றுப் போகும்.

போன் நேரத்தை நினைவிலிருந்து கேட்டால் பிழை மிகும். அதனால் போனிலேயே பதிவாகும் திரைநேரத்தைக் குறிக்கச் சொல்கிறோம். ஆனால் வடசென்னையில் பல வீடுகளில் போன் அம்மாவுடையது. அண்ணனும் தங்கையும் அதையே பார்ப்பார்கள். அந்தப் பதிவு ஒரு மாணவருடையது அல்ல. எனவே "போன் யாருடையது, இரவில் யாரிடம் இருக்கும்?" என்பதே வினாத்தாளின் முதல் கேள்வியாக இருக்கட்டும். பொதுப் போன் உள்ளவர்களுக்கு நாட்குறிப்பை மட்டும் கொண்டு தனியாகப் பகுப்பாய்வு செய்யுங்கள்.

படி 3: தூக்கத்தைக் கலைக்கும் பிற காரணங்கள்

ஒற்றை அறை வீடு, புழுக்கம், கொசு, இரவு டியூஷன், விடியலுக்கு முன் மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிளம்பும் தந்தை. இவற்றைக் கேட்காமல் விட்டால் எல்லாப் பழியும் போன் மேல் விழும்.

படி 4: எத்தனை பேர்

தொடர்புக் கெழு 0.2 ஆக இருக்கும் சிறிய தொடர்பைக் கண்டறிய ஏறக்குறைய 200 பேர் தேவை. ஒரே வகுப்பினர் ஒத்திருப்பார்கள் என்பதால் இது போதாது. வகுப்புக்குப் பத்துப் பேரைக் குலுக்கலில் எடுத்து, ஒரே வகுப்பினர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் எண்ணை 0.05 என்று கொண்டால், பத்தில் ஒன்றைக் குறைத்துப் பெருக்க, 1 + 9 × 0.05 = 1.45. அதை 200 உடன் பெருக்கினால் 290. வராதவர்களையும் கணக்கில் கொண்டு 320 என எழுதுங்கள்.

படி 5: அனுமதி

நிறுவன நெறிமுறைக் குழு, கல்வித் துறை, தலைமையாசிரியர் ஆகியோரின் அனுமதியோடு பெற்றோரின் ஒப்புதலும் மாணவரின் எழுத்து இசைவும் வேண்டும். படிவம் எளிய தமிழில் இருக்கட்டும்.

படி 6: வரம்பு

இது ஒரே காலகட்டத்தில் எடுக்கும் ஆய்வு. தூக்கம் வராததால் போனை எடுத்தவரையும், போனால் தூக்கத்தை இழந்தவரையும் இது பிரித்துக் காட்டாது. ஆகவே தலைப்பில் "விளைவு" என்ற சொல்லை எடுத்துவிட்டு "தொடர்பு" என்று எழுதுங்கள்.