கம்பனியின் சொந்த சேமலாப நிதியா? 'வருமதி' தொகையைப் பாருங்கள்

திருகோணமலையில் சில வேலைத்தளங்களில் சேமலாப நிதியைக் கம்பனியே தனியாக வைத்திருக்கும், அதை நடத்துபவர்கள் நம்பிக்கைப் பொறுப்பாளர்கள். அவர்களில் முகாமையாளர் இருந்தாலும், அந்தக் கதிரையில் அவர் பார்க்க வேண்டியது உறுப்பினரின் நலனைத்தான், கம்பனியின் நலனை அல்ல.

ஆண்டறிக்கை வந்தால் எல்லோரும் வட்டி வீதத்தைத்தான் பார்ப்போம். நான் முதலில் தேடுவது ஐந்தொகையில் 'தொழில்தருநரிடமிருந்து வருமதி' என்ற தொகையை, அதாவது கம்பனி நிதிக்கு இன்னும் கட்டாத பணத்தை. உங்கள் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் சேர்ந்து, எல்லோருக்குமாக மாதம் 10 லட்சம் என்று வையுங்கள். டிசம்பர் 31இல் வருமதி 10 லட்சம் என்றால் சரி, டிசம்பர் பணம் ஜனவரியில் வரும். 30 லட்சம் என்றால்? மூன்று மாதப் பணம், சம்பளத்தில் வெட்டிய காசும் சேர்த்து, நிதிக்குப் போகவில்லை போல.

அப்படியென்றால் மாதவாரியாகப் பணம் வந்த திகதிகளை எழுத்தில் கேளுங்கள். அப்புறம் முதலீட்டுப் பட்டியலையும் கேளுங்கள், அதில் சொந்தக் கம்பனிக்கே கொடுத்த கடன் ஒளிந்திருக்கலாம்.