ஆஃபர் லெட்டருக்குப் பதில் மெயில்: பதவி, சம்பளம், சேரும் தேதியை எழுத்தில் உறுதி செய்வது எப்படி

இதற்கு முந்தைய வேலைக்கு வந்த ஆஃபர் மெயிலுக்கு நான் எழுதிய பதில் ஒரே வரிதான்: "நன்றி, ஏற்றுக்கொள்கிறேன்." மேலாளர் போனில் "மாசம் 60,000" என்று சொல்லியிருந்தார். லெட்டரின் முதல் பக்கத்தில் ஆண்டுக்கு 7,20,000 என்று இருந்தது. 12-ஆல் வகுத்தால் 60,000 வருகிறது, சரிதான் என்று விட்டுவிட்டேன். முதல் மாதச் சம்பளச் சீட்டில் பிடித்தத்துக்கு முன்பே 50,000 என்றுதான் இருந்தது. அந்த 7,20,000-இல் 1,20,000 ஆண்டு முடிவில், மதிப்பீட்டைப் பார்த்துத் தரும் தொகை. இரண்டாம் பக்க அட்டவணையில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. "லெட்டர்ல இருக்கறதுக்குத்தானே ஓகே சொன்னீங்க?" என்று மேலாளர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த முறை வேலை மாறியபோது, ஆஃபர் வந்த நாளிலிருந்து ராஜினாமா கொடுத்த நாள்வரை ஒவ்வொன்றையும் எழுத்தில் வாங்கினேன். ஒரு வாரம் ஆனது. செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: போனில் ஏற்க வேண்டாம்

ஹெச்.ஆர். போனில் அழைத்துச் சொல்லும்போது, "ரொம்ப சந்தோஷம், லெட்டர் வந்ததும் படிச்சுட்டு மெயில்ல பதில் அனுப்பறேன்" என்று சொன்னால் போதும். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. போனை வைத்த கையோடு, அவர்கள் சொன்ன பதவி, தொகை, தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து லெட்டர் வரும்போது 65,000 என்றார்களா 67,500 என்றார்களா என்று குழம்பும்.

மெயில் முகவரியாகச் சொந்த முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்தின் முகவரியில் இந்தப் பேச்சே வேண்டாம். அங்கிருந்து விலகும் நாளில் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள், உங்கள் ஆதாரமும் அதோடு போய்விடும்.

படி 2: தாளையும் லெட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது

இதற்கு மட்டும் கைபேசி வேண்டாம் என்பது என் திடமான கருத்து. சின்னத் திரையில் அட்டவணை பாதி வெட்டுப்படும். என்னை முன்பு மாட்டவைத்ததும் அப்படி வெட்டுப்பட்ட அட்டவணைதான்.

பதவியில் பார்க்க வேண்டியது அதிகமில்லை. பேசிய பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். "முதுநிலை" என்ற ஒரு சொல் விடுபட்டால், அடுத்த வேலைக்கு அனுபவச் சான்றிதழ் வாங்கும்போதும் அது விடுபட்டேதான் வரும்.

சம்பளத்துக்கு நேரம் கொடுங்கள். லெட்டரில் உள்ள பெரிய எண்ணை அப்படியே நம்பாமல், அதற்குள் எவ்வளவு நிலையான தொகை, எவ்வளவு மதிப்பீட்டைப் பொறுத்த தொகை என்று பிரியுங்கள். நிலையான தொகையை மட்டும் 12-ஆல் வகுத்தால் வருவதுதான் ஏறத்தாழ பிடித்தங்களுக்கு முந்தைய மாதச் சம்பளம். சேரும்போது ஒருமுறை மட்டும் தரும் போனஸையும் சிலர் முதல் ஆண்டுத் தொகைக்குள் சேர்த்துக் காட்டுவார்கள். அதை இரண்டாம் ஆண்டுக் கணக்கில் எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலும் இத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற வரியும் கூடவே வரும். எனக்கு வந்த லெட்டரில் ஆண்டுக்கு 9,00,000 என்று மட்டும் இருந்தது, பிரிவே இல்லை. போனில் சொன்னதோ நிலையானது 8,10,000, மதிப்பீட்டைப் பொறுத்தது 90,000. அதாவது மாதம் 67,500. இந்தப் பிரிவு லெட்டரில் ஏறாவிட்டால் 9,00,000-ஐ எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

தேதியில் இருக்கும் சிக்கல் வேறு. லெட்டரில் 05/06 என்று போட்டிருந்தால், அதை ஜூன் 5 என்றும் படிக்கலாம், மே 6 என்றும் படிக்கலாம். நான் மாதத்தின் பெயரையும் கிழமையையும் சேர்த்தே எழுதுவேன். எண்ணில் பிழை வந்தால் கிழமை பொருந்தாமல் போய் உடனே தெரிந்துவிடும்.

படி 3: பொருந்தாததைத் தனி மெயிலில் கேட்பது

இந்தப் படியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நானும் முதலில் எழுதி வைத்த வரைவு இப்படித்தான் இருந்தது: "ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பதவி முதுநிலை என்று இருக்க வேண்டும், ஜூலை 7 அன்றுதான் சேர முடியும்." ஒப்பந்தச் சட்டம் தெரிந்த தோழி ஒருத்தி படித்துவிட்டு, "இதை அனுப்பாதே, இது ஏற்பே இல்லை" என்றாள்.

காரணம் இதுதான். பல நாடுகளின் ஒப்பந்தச் சட்டத்தில், சொன்ன நிபந்தனைகளை அப்படியே ஒப்புக்கொண்டால்தான் அது ஏற்பு. அதில் ஒன்றை மாற்றி "ஆனால்" என்று சேர்த்தால், நீங்கள் அவர்களுடைய ஆஃபரை மறுத்துவிட்டு உங்கள் தரப்பில் புதிதாக ஒன்றை முன்வைக்கிறீர்கள் என்று பொருள்படும். பிறகு அதை ஏற்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம். பழைய ஆஃபருக்குத் திரும்பிப் போகும் உரிமையும் உங்களுக்கு இல்லாமல் போகலாம். ஆனால் விளக்கம் கேட்பது மறுப்பு ஆகாது. அதனால் முதலில் கேளுங்கள், திருத்திய லெட்டரை வாங்குங்கள், அதன்பிறகு எந்த "ஆனால்" என்பதும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

"போன்ல பேசினதுதானே, லெட்டர்ல இல்லாட்டி என்ன" என்றும் விட முடியாது. லெட்டரின் கடைசிப் பக்கத்தில், இதற்கு முன் நடந்த பேச்சுகள் அனைத்துக்கும் பதிலாக இந்த ஆவணமே செல்லும் என்ற பொருளில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அப்படி இருந்தால் போனில் பேசியதைக் காட்டி வாதாடுவது மிகவும் கடினம்.

மே 28 அன்று லெட்டர் வந்தது. சேரும் தேதி ஜூன் 16 என்று இருந்தது. எனக்கு நோட்டீஸ் காலம் 30 நாள். ஜூன் 4 அன்று ராஜினாமா கொடுத்தால் மறுநாளிலிருந்து எண்ணி ஜூலை 4, வெள்ளிக்கிழமை கடைசி நாள். லெட்டர் வந்த அன்றிரவே நான் அனுப்பிய மெயில் கீழே. நிறுவனம் எந்த மொழியில் எழுதுகிறதோ அதே மொழியில் எழுதுங்கள். இங்கே தமிழில் தருகிறேன்.

> வணக்கம். ஆஃபர் லெட்டர் கிடைத்தது, மிக்க நன்றி. உங்கள் குழுவில் சேர ஆவலாக இருக்கிறேன். பதில் அனுப்பும் முன் மூன்று விவரங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன்.
>
> நேற்றுப் பேசியபோது பதவி "முதுநிலை உள்ளடக்க ஆசிரியர்" என்றீர்கள். லெட்டரில் "உள்ளடக்க ஆசிரியர்" என்று இருக்கிறது.
>
> ஆண்டுத் தொகை 9,00,000-இல் நிலையானது 8,10,000, மதிப்பீட்டைப் பொறுத்தது 90,000 என்று பேசினோம். இந்தப் பிரிவை லெட்டரில் சேர்க்க முடியுமா?
>
> எனக்கு 30 நாள் நோட்டீஸ் காலம் உள்ளது. திருத்திய லெட்டர் ஜூன் 4-க்குள் கிடைத்தால் 2025 ஜூலை 7, திங்கட்கிழமை சேர முடியும். அந்தத் தேதி உங்களுக்கு வசதிப்படுமா?

இதில் "ஏற்கிறேன்" என்ற சொல்லும் இல்லை, "மாற்றாவிட்டால் வர மாட்டேன்" என்ற தொனியும் இல்லை. மே 30 அன்று மூன்றும் திருத்திய லெட்டர் வந்தது. கூடவே, "பதவிப் பெயர் பழைய படிவத்திலிருந்து வந்துவிட்டது" என்று ஒரு வரியும் எழுதியிருந்தார்கள். பெரும்பாலான தவறுகள் இப்படித்தான் நேர்கின்றன. கேட்க அஞ்சத் தேவையில்லை.

படி 4: ஏற்பு மெயில்

லெட்டர் வந்த அதே மெயில் தொடரிலேயே, எல்லோருக்கும் போகும்படி பதில் எழுதுங்கள். பதில் எழுதும்போது அவர்கள் இணைத்த கோப்பு தானாகக் கூட வராது. கையெழுத்திட்ட பிடிஎஃப்-ஐ நீங்கள்தான் இணைக்க வேண்டும். ஜிமெயில் என்றால் அமைப்புகளில் `Undo Send` நேரத்தை 30 விநாடியாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். இணைப்பை மறந்தது பெரும்பாலும் அனுப்பிய அடுத்த நொடியில்தான் நினைவுக்கு வரும்.

> வணக்கம். 2025 மே 30 தேதியிட்ட ஆஃபர் லெட்டரில் உள்ளபடி "முதுநிலை உள்ளடக்க ஆசிரியர்" பதவியை ஏற்றுக்கொள்கிறேன். ஆண்டுத் தொகை 9,00,000 (நிலையானது 8,10,000, மதிப்பீட்டைப் பொறுத்தது 90,000). சேரும் நாள் 2025 ஜூலை 7, திங்கட்கிழமை. கையெழுத்திட்ட லெட்டரை இணைத்திருக்கிறேன். கிடைத்ததை உறுதிசெய்து ஒரு வரி பதில் அனுப்ப வேண்டுகிறேன். லெட்டரில் குறிப்பிட்ட பின்னணிச் சரிபார்ப்பு எப்போது முடியும் என்பதையும் தெரிவித்தால் அதற்கேற்ப ராஜினாமா கொடுப்பேன்.

லெட்டரின் தேதியைக் குறிப்பிடுவது முக்கியம். தொடரில் இரண்டு லெட்டர்கள் இருக்கின்றன, நீங்கள் ஏற்றது எது என்பதில் ஐயம் வரக் கூடாது. மூன்று விவரங்களையும் மெயிலிலேயே மறுபடி எழுதுவதும் இதற்காகத்தான்.

படி 5: பதில் வரும்வரை ராஜினாமா வேண்டாம்

சான்றிதழ் சரிபார்ப்பு, முந்தைய மேலாளரிடம் விசாரிப்பு என்று ஏதாவது நிபந்தனை லெட்டரில் இருந்தால், அது முடியும்வரை ஆஃபர் உறுதியானதல்ல. எனக்குச் சரிபார்ப்பு முடிந்தது என்று ஜூன் 3 அன்று மெயில் வந்தது. மறுநாள் காலை ராஜினாமா கொடுத்தேன்.

பின்சேர்க்கை 1: "எங்களுக்கு லெட்டரே இல்லை, போர்ட்டலில் ஏற்கும் பொத்தான் மட்டும்தான்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பொத்தானை அழுத்தினால் திரையில் உள்ளதை அப்படியே ஏற்றதாகிவிடும். எனவே படி 3-இன் மெயிலை முதலில் அனுப்பி, போர்ட்டலிலேயே திருத்தச் சொல்லுங்கள். திருத்தியதும் அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப்-ஆகச் சேமித்துவிட்டு அழுத்துங்கள். அந்த இணைப்பு சில நாளில் காலாவதியாகிவிடலாம்.

பின்சேர்க்கை 2: இன்னொரு வாசகிக்கு எல்லாம் சரியாக நடந்து, சேர்ந்த அன்று கொடுத்த நியமனக் கடிதத்தில் மட்டும் பதவி பழையபடி இருந்திருக்கிறது. அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பின்னால் கையெழுத்திட்ட ஆவணம்தான் பொதுவாகச் செல்லும் என்பதால், சேரும் நாளில் ஏற்பு மெயிலின் அச்சுப்படி ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். நியமனக் கடிதத்தை அதோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், "இதைத் திருத்தித் தாருங்கள், திருத்தியதும் கையெழுத்திடுகிறேன்" என்று அங்கேயே சொல்லுங்கள். அந்த வாசகி ஏற்பு மெயிலை இணைத்து ஹெச்.ஆருக்கு எழுதினார். இரண்டு வாரத்தில் திருத்திக் கொடுத்துவிட்டார்களாம்.