ஷெல் ஏன் தோற்றது: 1.5 மி.மீ. கற்றுத்தந்தது

கப்பலூர்த் தொழிற்பேட்டையில் வார்ப்பு அச்சு செய்யும் ஒருவருக்காக, பம்பு ஸ்டார்ட்டர் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியைக் கணினியில் CAD மென்பொருளில் முப்பரிமாணமாக வரைந்தேன். அடிப்பக்க முகத்தைத் திறந்துவிட்டு 2 மி.மீ. சுவருடன், திடவடிவத்தை உள்ளீடற்றதாக்கும் ஷெல் கட்டளையைக் கொடுத்தபோது அது நிறைவேறவில்லை, 1.4 மி.மீ. கொடுத்தால் மட்டும் சிக்கலின்றி வந்தது. அந்த எண்ணே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது, ஏனெனில் மூடியின் மேல்விளிம்பை உருட்டிய வளைவான ஃபில்லெட்டின் ஆரம் 1.5 மி.மீ.

ஷெல் என்பது திறந்த முகம் தவிர மற்ற ஒவ்வொரு முகத்தையும் சுவரின் தடிமன் அளவுக்கு உள்ளே நகர்த்துவதாகும். அப்போது புறம் வளைந்த ஃபில்லெட்டின் ஆரம் அதே அளவு குறைவதால், 1.5-இல் 2 போக மிஞ்சுவது கழித்தல் 0.5, அதாவது இருக்கவே முடியாத முகம். உள்மூலை ஃபில்லெட்டில் ஆரம் கூடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபில்லெட்டைக் கட்டளை வரிசையில் ஷெல்லுக்குப் பின் நகர்த்தியதும் கட்டளை நிறைவேறியது; ஆனால் உள்விளிம்பு கூராகவே நின்று, மூலையில் சுவர் சீராக அமையவில்லை. ஆகவே ஆரத்தை 3 மி.மீ. ஆக்கி, ஷெல்லுக்கு முன்பே வைத்தேன். உள்ளே 1 மி.மீ. ஆரம் கிடைத்தது.

பின்னர் கூம்பிய முனையொன்றும் தகராறு செய்தது. சாதாரணப் பெட்டி மூலையில் மூன்று முகங்களே கூடுவதால் அவை நகர்ந்தாலும் ஒரே புள்ளியில் சந்திக்கும். இங்கே சரிவு வேறுபட்ட நான்கு முகங்கள் கூடியதால் நகர்ந்தபின் சந்திக்கவில்லை. முனையைச் சிறிது வெட்டித் தட்டையாக்கினேன்.